513 யூனிட்டுக்கு 2,149 ரூபாய் பில், சரியா?

மீட்டரையும் பில்லையும் படம் எடுத்து "இது சரியா?" என்று அனுப்புவார்கள். இப்படி வந்தவற்றைப் பல காலம் சரிபார்த்ததில், கணக்குத் தப்பாக இருந்ததைவிட, படத்தில் வேண்டியது இல்லாமல் போனதுதான் அதிகம்.

டிஜிட்டல் மீட்டர் திரை சில நொடிக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். தேதி, வோல்டேஜ், அதிகபட்ச லோடு எல்லாம் வந்து போகும். எண்ணுக்குப் பக்கத்தில் kWh என்று தெரியும்போது எடுத்த படம்தான் உதவும். அந்த எண் பில்லில் உள்ளதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருப்பதே இயல்பு, ரீடிங் எடுத்த பிறகும் மீட்டர் ஓடியிருக்குமே. குறைவாக இருந்தால்தான் ரீடிங்கைச் சந்தேகப்பட வேண்டும்.

தமிழ்நாட்டு வீட்டு இணைப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முந்தைய ரீடிங் 18,412, இப்போது 18,925. பயன்பாடு 513 யூனிட், பில் 2,149 ரூபாய். போன முறை 494 யூனிட்டுக்கு 1,767 ரூபாய்தான். வெறும் 19 யூனிட்டுக்கு 382 ரூபாயா என்றுதான் எவருக்கும் தோன்றும்.

2024 ஜூலையில் வீடுகளுக்கு வந்த கட்டணப்படி பார்ப்போம். 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் 2.35 ரூபாய் வீதம் 235, அடுத்த 200 யூனிட் 4.70 வீதம் 940, மீதி 94 யூனிட் 6.30 வீதம் 592.20. ஆக 1,767.20.

500-ஐத் தாண்டினால் 2.35 என்ற சலுகை விலையே போய்விடும். முதல் 100 மட்டும் இலவசம், அடுத்த 300 யூனிட்டும் 4.70 வீதம் 1,410, அடுத்த 100 யூனிட் 630, கடைசி 13 யூனிட் 8.40 வீதம் 109.20. மொத்தம் 2,149.20. பில் சரிதான். கூடிய 382-ல் 235 ரூபாய் சலுகை போனதால் வந்தது. 500-லிருந்து 501-க்குப் போனாலே 243.40 ரூபாய் ஏறிவிடும்.

இங்கேதான் தேதியைப் பார்க்க வேண்டும். இரண்டு ரீடிங்குக்கும் நடுவே 65 நாள் ஆகியிருந்தால், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 7.9 யூனிட். அதே வேகத்தில், வழக்கமான இரண்டு மாத பில்லுக்குரிய 60 நாளுக்கு 474 யூனிட்தான், 500-ஐத் தொட்டிருக்காது. கூட்டல் சரியாக இருந்தும் கேள்வி கேட்க வேண்டிய பில் இது. மீட்டர் அட்டையில் உள்ள இரண்டு தேதிகளையும் காட்டி, பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் எழுதிக் கொடுங்கள். வீடு பூட்டியிருந்ததால் சராசரி போட்ட மாதத்துக்கு அடுத்த பில்லிலும் இதே பார்வை வேண்டும். ஏற்கெனவே கட்டியது கழிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கடை, பொது மோட்டார் இணைப்புக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பில்லில் கட்டண வகை வீடுகளுக்குரிய I-A என்று இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.