படக்குறிப்பை வாட்ஸாப் குழுவில் காட்டித் திருத்துவது: பல வருட அனுபவம்

பந்திங்கில் இருக்கும் நண்பர் ஒருவர் தன் ஊர்த் தோட்டத்துப் பழைய படங்களை இன்ஸ்டாகிராமில் போடப் போகிறார். "படக்குறிப்பை முதலில் நாலு பேரிடம் காட்டிக் கருத்துக் கேட்கலாமா அண்ணே, இல்லை வீண் வேலையா?" என்று கேட்டிருந்தார். சுங்கை சிப்புட்டில் எங்கள் ரப்பர் தோட்டத்துப் படங்களுக்கு நான் பல வருடமாக இதைத்தான் செய்து வருகிறேன். தோட்டம் போய்ச் செம்பனையும் வீடமைப்பும் வந்துவிட்டன. லயத்தில் இருந்தவர்கள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். படமும் அதன் கீழே இரண்டு வரியும்தான் எங்களைச் சேர்த்து வைத்திருக்கின்றன, அதனால் அந்த இரண்டு வரி எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

குழுவில் வரும் குறை எப்போதும் நாலில் ஒன்றுதான்: சினிமாத்தனமா இருக்கு, சப்புன்னு இருக்கு, நீளமா இருக்கு, ரொம்ப சோகமா இருக்கு. ஒரே படத்துக்கு இந்த நாலும் வரிசையாக வந்த கதையைச் சொன்னால் நண்பருக்கு விளங்கும்.

பால் ஸ்டோர் முன்னால் வாளியோடு பெண்கள் வரிசையாக நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம். பின்பக்கம் பென்சிலில் 1974 என்று எழுதியிருக்கிறது. முதல் வரைவு இப்படி இருந்தது: "காலத்தால் அழியாத தியாகத் தாய்மார்கள்! இவர்கள் வியர்வையில் விளைந்தது வெள்ளைத் தங்கம். பாதம் தொட்டு வணங்குவோம்." ஈப்போவில் இருக்கும் தங்கை உடனே எழுதினாள்: "ரொம்ப சினிமாத்தனமா இருக்கு லா." அவள் சொன்னது சரிதான். இந்த மூன்று வாக்கியத்தையும் எந்தத் தோட்டத்து எந்தப் பெண்கள் படத்துக்குக் கீழே வைத்தாலும் பொருந்தும். சினிமாத்தனத்தைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை. படத்தை மாற்றிப் பாருங்கள், குறிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டால் அது இந்தப் படத்துக்கு எழுதியது இல்லை.

உணர்ச்சிச் சொல் எல்லாவற்றையும் எடுத்தோம். மிஞ்சியது: "பால் ஸ்டோர் முன் தோட்டத்துப் பெண்கள், 1974." இதற்கு வந்த பதில், சப்புன்னு இருக்கு. இதுவும் நியாயம். வாளி தெரிகிறது, ஸ்டோர் தெரிகிறது, பெண்கள் தெரிகிறார்கள். தெரிவதையே திரும்பச் சொன்னால் படிப்பவருக்கு என்ன கிடைக்கும்? ஆனால் இதற்கு மருந்து அலங்காரச் சொல் இல்லை. படத்தில் தெரியாத ஒன்றைத் தெரிந்தவரிடம் போய்க் கேட்க வேண்டும். வரிசையில் மூன்றாவதாக நிற்கும் பாட்டியின் மகளுக்குப் போன் போட்டேன். அவர் நிறையச் சொன்னார்.

அத்தனையும் மூன்றாவது வரைவில் ஏறிவிட்டது: விடியுமுன் பெயர் கூப்பிடும் பிரட்டுக்குப் போவது, வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் இருட்டோடு மரம் சீவத் தொடங்குவது, மரத்தில் கட்டிய மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றித் தோளில் காண்டா வைத்துத் தூக்கி வருவது, கிராணி எடை போட்டுப் பெயருக்கு நேரே எழுதுவது, பட்டை நனைந்துவிட்டால் பால் வெட்டுக்கோட்டில் நிற்காமல் மழைநீரோடு வழிந்துவிடும் என்பதால் மழை நாளில் வேலை இல்லாமல் போவது. எல்லாம் உண்மை, எல்லாம் அருமை. "நீளம்" என்றார்கள். இன்ஸ்டாகிராமில் 2,200 எழுத்து வரை இடம் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். ஆனால் படத்தோடு கண்ணில் படுவது முதல் இரண்டு வரிதான், மிச்சம் more என்பதற்குப் பின்னால் போய்விடும். நம்முடைய சொற்கள் நீளம், இரண்டு வரியில் ஏழெட்டுச் சொல் பிடித்தாலே அதிகம். எங்கள் மூன்றாவது வரைவில் அந்த இரண்டு வரியும் பிரட்டு பற்றியே இருந்தன. படத்திலோ பிரட்டு இல்லை.

ஆகவே ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது என்று முடிவானது. படத்தை மறுபடி பார்த்தபோது, எல்லோரும் கேமராவைப் பார்க்க, அந்தப் பாட்டி மட்டும் தராசைப் பார்ப்பது தெரிந்தது. மகள் சொன்ன மழைக் கதையும் அதோடு சேர்ந்தது. நாலாவது வரைவு: "இரண்டு நாள் மழை. இரண்டு நாள் கூலி இல்லை. தராசைப் பார்க்கும் அந்தக் கண்களில் பசி."

"ரொம்ப சோகமா இருக்கு" என்று வந்தது. இந்த ஒரு குறைதான் இத்தனை வருடமாக என் பொறுமையைச் சோதிக்கிறது. எந்த வரி என்று சொல்ல மாட்டார்கள். முழுவதையும் சந்தோஷமாக்கு என்பதுபோல் விட்டுவிடுவார்கள். அப்படி ஆக்கினால் முதலில் போவது மழையும் கூலியும்தான், உண்மையாக நடந்த இரண்டும். அதற்கு நான் ஒப்பவில்லை. கூலி இல்லாத நாளை இனிப்பாக்கிக் காட்டுவது அந்தப் பாட்டிக்குச் செய்யும் மரியாதை இல்லை.

பிறகு மகளையே கேட்டேன், "அக்கா, எந்தச் சொல் உங்களுக்கு உறுத்துது?" அவர் யோசிக்கவே இல்லை. "பசின்னு யாரு தம்பி சொன்னா? அம்மா கணக்குப் பாக்குறாங்க. கிராணி சரியா எழுதுறாரான்னு பாக்குறாங்க." பிரச்சினை மழையிலும் இல்லை, கூலியிலும் இல்லை, அந்தக் கடைசிச் சொல்லில். படத்தில் இருப்பவர் என்ன நினைத்தார் என்று நாமாக எழுதிவிட்டது அது. "தியாகத் தாய்" என்பதும் அதே காரியம்தான், ஒன்று இனிப்புப் பக்கம், மற்றது கசப்புப் பக்கம். இந்த வேலையில் நான் எதிர்பாராமல் பெற்ற மகிழ்ச்சி இந்தக் கண்டுபிடிப்புதான். அன்றிலிருந்து இந்த இரண்டு குறையில் எது வந்தாலும் நான் தேடுவது ஒன்றையே: யாருடைய மனதையாவது நாம் பேசியிருக்கிறோமா? சப்பென்பதும் நீளமும்கூட அப்படித்தான் ஒரு ஜோடி. ஒன்றில் எந்த விவரமும் தேர்ந்தெடுக்கவில்லை, மற்றதில் எதையும் விடவில்லை.

போட்டது இது: "எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள். இடமிருந்து மூன்றாவது நிற்கும் பாட்டி மட்டும் தராசைப் பார்க்கிறார். இரண்டு நாள் மழையில் கூலி இல்லாமல் போன பிறகு, அன்று எடை போட்ட முதல் பால். 1974." மழையும் கூலியும் அப்படியே இருக்கின்றன. முடிவது மட்டும் பாலில். யாரும் சோகம் என்று சொல்லவில்லை. கீழே பலர் தங்கள் அம்மாக்களும் தராசை விட்டுக் கண் எடுக்க மாட்டார்கள் என்று எழுதினார்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. போட்ட பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். அதே படத்தை ஃபேஸ்புக்கிலும் போட்டால், அங்கே திருத்த வரலாற்றைத் திறந்து, பதிவைப் பார்க்க முடிந்த யாரும் பழைய வரைவைப் பார்க்கலாம். "கண்களில் பசி" அங்கே கிடந்திருந்தால் பாட்டி வீட்டார் முகத்தில் நான் எப்படி விழிப்பது?

இவ்வளவு நன்மை சொன்ன பிறகும், பந்திங் நண்பருக்கு என் பதில்: குழுவில் போடாதீர்கள். இந்த வாரமும் ஒரு படத்துக்குச் "சோகமா இருக்கு" என்று மட்டும் எழுதிவிட்டு, எந்த வரி என்று கேட்டால் ஆளுக்கொரு கட்டைவிரல் படம் அனுப்புகிறார்கள். எனக்கு அலுத்துவிட்டது. படத்தில் இருப்பவரின் மகனோ மகளோ யாராவது ஒருவர் கிடைப்பார். அவருக்குப் போன் போட்டு, எழுதியதை வாய்விட்டு வாசியுங்கள். அவர் குறுக்கே பேசும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். அப்படி யாரும் கிடைக்காத படத்துக்கு இடம், வருடம் மட்டும் போட்டு விடுங்கள், சப்பென்று இருந்தாலும் பரவாயில்லை.