ஆப் ஸ்டோர் நாட்டை மாற்றும் முன் பழைய வங்கிக் கார்டை மூடிவிடாதீர்கள்: நான் பட்டது

புது நாட்டுக்கு வந்து மூன்றாவது வாரம். சம்பளக் கணக்கு திறந்த வங்கியின் ஆப்பை ஐபோனில் தேடினால், உங்கள் நாட்டில் இது கிடைக்காது என்று வந்தது. ஆள் வந்து சேர்ந்துவிட்டேன், என் ஆப்பிள் கணக்குதான் இன்னும் கிளம்பவே இல்லை.

Settings-இல் என் பெயரைத் தொட்டு, Media & Purchases, View Account, Country/Region என்று போனேன். கணக்கில் இருப்புத் தொகை இருக்கிறது, அதைச் செலவழித்த பிறகுதான் நாடு மாற்ற முடியும் என்றது. எப்போதோ பரிசாக வந்த கிஃப்ட் கார்டில் மிஞ்சிய சில்லறை அது. அந்த இருப்பு புது நாட்டு நாணயத்துக்கு மாறாது, நம்மோடு கூடவும் வராது.

செலவழித்தால் போச்சு என்று நினைத்தேன். இருப்பைவிட விலை கூடிய ஒன்றை வாங்கினால் மிச்சத்தைக் கார்டில் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் கார்டு எங்கே? விமானம் ஏறும் முன் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் பழைய வங்கிக் கணக்கையே மூடியிருந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு மாதச் சந்தா புதுப்பிப்புக்கு வந்தது. இருப்பு போதவில்லை, கார்டுக்கு உயிரில்லை. கணக்கில் பாக்கி விழுந்தது. பாக்கியைக் கட்டாமல் நாடு மாற்ற முடியாது. கட்டலாம் என்று புது நாட்டுக் கார்டைக் கொடுத்தால், கார்டு கணக்கு இருக்கும் நாட்டுடையதாக இருக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பியது.

இந்த முட்டுச்சந்தில்தான் ஏமாந்தேன். பழைய நாட்டு கிஃப்ட் கார்டை ஏற்றினால் பாக்கி தீரும் என்பது சரியான யோசனைதான். வாங்கிய இடம்தான் தப்பு. ஓர் இணையக் கடையில் விலையும் கொஞ்சம் குறைவு, ‘எல்லா நாட்டுக் கணக்குக்கும் செல்லும்’ என்றும் போட்டிருந்தது. அப்படி ஒரு கார்டு கிடையவே கிடையாது. ஆப்பிள் கிஃப்ட் கார்டு எந்த நாட்டில் விற்கப்பட்டதோ அந்த நாட்டுக் கணக்கில் மட்டுமே ஏறும். பணம் கட்டிய சில நிமிடத்தில் மின்னஞ்சலில் குறியீடு வந்தது. உள்ளிட்டேன். இது வேறொரு நாட்டு ஸ்டோருக்கானது என்று மறுத்துவிட்டது.

கடைக்காரரிடம் சாட்டில் கேட்டேன். “குறியீடு நல்ல குறியீடுதான் சார், நீங்க திறந்து பாத்துட்டீங்க, இனி பணம் திரும்பாது” என்றார். நான் விடாமல் கேட்கவும், “உங்க ஐடியும் பாஸ்வேர்டும் அனுப்புங்க, நாங்களே ஏத்தித் தர்றோம்” என்றார். அந்த வரியைப் படித்ததும் சாட்டை மூடிவிட்டேன். கணக்கையே தூக்கிக் கொடுப்பதற்கு வேறு பெயர் இல்லை.

பிறகு பழைய நாட்டில் இருக்கும் நண்பன் ஒரு கடையில் நேராகப் போய் கார்டு வாங்கி, சுரண்டி, எழுத்து எழுத்தாகப் போனில் வாசித்தான். ஏறியது. பாக்கியும் கழிந்தது. எதையும் வாங்கப் போதாத சில்லறை மறுபடி மிஞ்சியதும் ஆப்பிள் உதவிப் பிரிவை அழைத்து அதை நீக்கச் சொன்னேன். அந்தக் காசு போனதுதான், ஆனால் இருப்பு பூஜ்யமானது.

அத்தோடு முடியவில்லை. ஒரு வருடச் சந்தாவை ரத்து செய்திருந்தாலும், அதன் காலம் முடியும்வரை நாடு மாற்றம் காத்திருக்க வேண்டும். எனக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. அதுவரை புது நாட்டில் இன்னொரு ஆப்பிள் கணக்கு திறந்து, Media & Purchases-இல் மட்டும் அதை வைத்துக்கொண்டேன். ஐகிளவுட், படங்கள், தொடர்புகள் எல்லாம் பழைய கணக்கிலேயே இருக்கின்றன. வங்கி ஆப் வந்துவிட்டது. பழைய கணக்கில் இறக்கிய ஆப்களைப் புதுப்பிக்கும்போது பழைய கணக்கின் பாஸ்வேர்டு கேட்கும், அவ்வளவுதான் தொல்லை. குடும்பப் பகிர்வில் இருப்பவர்களுக்கு அதுவும் மாற்றத்தைத் தடுக்கலாம், முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

ஆண்ட்ராய்டுக்காரர்களுக்குக் கணக்கு வேறு. கூகுள் ப்ளேயில் இருப்பைத் தீர்க்கச் சொல்ல மாட்டார்கள். அது பழைய நாட்டோடு உறைந்து நிற்கும், அந்த நாட்டுக்குத் திரும்ப மாறினால்தான் கையில் வரும். ஆனால் நாட்டை வருடத்துக்கு ஒரு முறைதான் மாற்றலாம். சும்மா சோதித்துப் பார்க்க அங்கே கை வைக்காதீர்கள்.

கிஃப்ட் கார்டுக் கடை மீது என் வங்கியில் புகார் கொடுத்தேன். ‘எல்லா நாட்டுக்கும் செல்லும்’ என்று எழுதியிருந்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். வாங்கிய அன்று ஸ்கிரீன்ஷாட் எடுக்கவில்லை. திரும்பப் போய்ப் பார்த்தால் அந்த வரி இல்லை. விலையும் படமும் மட்டும் அப்படியே இருக்கின்றன.