நேராக மூன்று நிமிடமா, நடுவில் ஒரு கிளறலா?

நேற்றைய சாம்பார் சாதத்தை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, மைக்ரோவேவில் மூன்று நிமிடம் வைத்து எடுத்தால் ஓரமெல்லாம் குமிழி விட்டுக் கொதிக்கும், ஆவி பறக்கும், பாத்திரத்தைத் தொட்டால் கை சுடும். முதல் வாய் நாக்கைப் பொசுக்கிவிடும், நாலாவது வாயில் ஜில்லென்று ஒரு கட்டி மாட்டும். உடனே நமக்குத் தோன்றுவது "இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருக்கலாம்" என்பதுதான். அந்த இன்னொரு நிமிஷம் ஓரத்தைக் காய்ந்த வறுவலாக்கும், நடுக்கட்டிக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது.

காரணம் தெரிய ஒரு அப்பளம் போதும். சுழலும் கண்ணாடித் தட்டை எடுத்துவிட்டு, சுழலாதபடி ஒரு சாதாரணப் பீங்கான் தட்டில் பச்சை அப்பளத்தை வைத்து அரை நிமிடம் ஓட்டிப் பாருங்கள். ஒரு திட்டு வெள்ளையாகப் பொரிந்திருக்கும், இரண்டு விரல் தள்ளி அதே அப்பளம் பச்சையாகவே கிடக்கும். உள்ளே அலைகள் சுவரில் பட்டுத் திரும்பி ஒன்றோடொன்று மோதுவதால் சில இடங்களில் வலுக்கின்றன, சில இடங்களில் அடங்கிப்போகின்றன. வீட்டு மைக்ரோவேவின் அலைநீளம் ஏறக்குறைய 12 செ.மீ., அதனால் சூடான திட்டுகள் சுமார் 6 செ.மீ. இடைவெளியில் விழும். தட்டு சுழல்வது இதை ஓரளவு சமன் செய்யும், ஆனால் தட்டின் நட்டநடுவில் இருப்பது சுழன்றாலும் அதே இடத்தில்தானே இருக்கிறது? போதாததற்கு, ஈரமான உணவில் அலையின் பெரும்பகுதி வெளியிலிருந்து இரண்டு மூன்று செ.மீ. போவதற்குள் தீர்ந்துவிடும். அதற்கு உள்ளே இருப்பது வெளியிலிருந்து மெல்ல வரும் சூட்டை நம்பித்தான் காத்திருக்கிறது.

சரி, எந்த முறை தேவலை என்று பார்க்க, குத்திப் பார்க்கும் சமையல் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு ஒரே மாதிரி சாம்பார் சாதத்தை மூன்று நாள் சூடாக்கினேன். ஒவ்வொரு முறையும் 400 கிராம், சாதம் சுமார் 4 செ.மீ. உயரம், 800 வாட் மைக்ரோவேவ். மீந்த உணவு முழுக்க 74 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் அளவு. பிரிட்டனில் 70 டிகிரியில் இரண்டு நிமிடம் என்பார்கள். நான் 74-ஐ வைத்துக்கொண்டேன்.

முதல் நாள் முழுச் சூட்டில் மூன்று நிமிடம், கை வைக்காமல். ஓரம் 93, நடு 47. வாயில் வைத்தால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் கிருமி சாகிற சூடு அது இல்லை. மூடி வைத்தால் சரியாகிவிடும் என்று சொல்வார்களே என்று அப்படியே மூன்று நிமிடம் மூடி வைத்தேன். ஓரம் 81-க்கு இறங்கியது, நடு 53-தான். எனக்கே கொஞ்சம் ஆச்சரியம், கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியமில்லை. கெட்டியான உணவுக்குள் சூடு நகர்வது ஆமை வேகம், இரண்டு மூன்று நிமிடத்தில் அரை செ.மீ. சுற்றுக்குத்தான் உருப்படியாகப் பரவும். ஓரத்துக்கும் நடுவுக்கும் ஐந்து செ.மீ. தூரம் இருந்தால் மூடி வைத்து எத்தனை நேரம் காத்திருப்பது? நடு சூடாவதற்குள் ஓரம் ஆறிவிடும்.

இரண்டாம் நாள் பாதிச் சூட்டில் ஆறு நிமிடம், கிளறாமல். பெரும்பாலான மைக்ரோவேவ்களில் பாதிச் சூடு என்றால் அலை மெலிதாக வருவதில்லை, சில நொடி முழுசாக ஓடும், சில நொடி நிற்கும். காது கொடுத்தால் உறுமல் விட்டு விட்டு வருவது கேட்கும். (இன்வெர்ட்டர் வகை மட்டும் உண்மையிலேயே குறைத்து ஓட்டும்.) நிற்கிற நொடிகளில் சூடு கொஞ்சம் பரவிக்கொள்வதால் ஓரம் 86, நடு 61. ஓரம் காயவில்லை, ருசிக்கு இது நல்ல முறைதான், ஆனாலும் 74 வரவில்லை, நேரமும் இரட்டிப்பு.

மூன்றாம் நாள் முழுச் சூட்டில் ஒன்றரை நிமிடம் ஓட்டி நிறுத்தி, ஓரத்தில் இருப்பதை நடுவுக்கும் நடுவில் இருப்பதை ஓரத்துக்கும் தள்ளி, அடிவரை கரண்டி விட்டுக் கிளறி, கட்டியை உடைத்து, மேலே இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்து, லேசாக மூடி மறுபடி ஒன்றரை நிமிடம். எடுத்ததும் இன்னொரு முறை கிளறி இரண்டு நிமிடம் மூடி வைத்தேன். ஐந்து இடத்தில் குத்தினேன், குறைந்தது 75, கூடியது 79. முதல் நாள் செலவான அதே மூன்று நிமிட மின்சாரம்தான்.

ஆக, மூடி வைப்பதைக் கிளறுவதற்கு மாற்றாக நினைப்பதுதான் தப்பு. ஐந்து செ.மீ. தள்ளி இருந்த சூட்டையும் குளிரையும் கரண்டி பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்து போடுகிறது. அதற்குப் பிறகு ஒரு பருக்கைக்கும் அடுத்த பருக்கைக்கும் நடுவே சில மில்லிமீட்டர் வித்தியாசம்தான் மிச்சம், அதைச் சமன் செய்யத்தான் அந்த இரண்டு நிமிடம். மேலே மூடி இருந்தால் ஆவி உள்ளேயே நின்று மேற்பரப்பு ஆறாமலும் பார்த்துக்கொள்ளும். அப்புறம், தெர்மாமீட்டரைக் கிளறிய உடனே குத்தினால் எண் தாறுமாறாக ஆடும், மூடி வைத்த பிறகு பாருங்கள், நடுவில் ஒன்று, அடியில் ஒன்று, ஓரத்தில் ஒன்று. தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் ஓரத்து ஆவியையோ பாத்திரத்தின் சூட்டையோ நம்ப வேண்டாம். நடுவில் கரண்டியை விட்டுத் திறந்தால் அங்கிருந்தும் ஆவி வர வேண்டும்.

கிளற முடியாதவற்றுக்கு வேறு வழி வேண்டும். இட்லியைத் தட்டின் நடுவைக் காலியாக விட்டு வட்டமாக அடுக்கி, ஈரத்துணி போட்டு, பாதியில் திருப்பி வைத்தால் சமாளிக்கலாம். பிரியாணி கொஞ்சம் வம்பு. சாதத்தைக் கிளறிவிடலாம், உள்ளே புதைந்திருக்கும் கோழித் துண்டு கிளறினாலும் துண்டாகவேதான் இருக்கும், தடிமனான தொடைத் துண்டின் எலும்பை ஒட்டிய பகுதிதான் கடைசியில் சூடாகும். நான் கோழியைத் தனியே எடுத்து, எலும்பிலிருந்து பிய்த்து, தட்டில் பரத்தி, ஒரு ஸ்பூன் தண்ணீர் தெளித்துத் தனியாகச் சூடாக்குகிறேன். பார்க்க அழகாக இருக்காது. முழுத் துண்டாகவே வேண்டும் என்றால் அடி கனமான பாத்திரத்தில் மூடி போட்டு அடுப்பில் வைப்பது மேல், பதினைந்து நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.

கறிக்குழம்பு பெரிய பாத்திரத்தில் மெல்ல ஆறும்போது பெருகும் கிருமி, மறுபடி முழுக்க 74 தொட்டால் செத்துவிடும். சாதத்தில் வரும் பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் கதை வேறு. சாதம் வெளியே கிடக்கும்போது அது உண்டாக்கும் வாந்தி நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. இரவு முழுக்க மேடையில் இருந்த சாதத்தை எத்தனை முறை கிளறி, எவ்வளவு நேரம் மூடி வைத்தாலும் பயனில்லை, அதைக் கொட்டிவிடுங்கள். இந்தச் சோதனைக்கு நான் எடுத்த மூன்று டப்பாவும் சமைத்து ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போனவை.