எடுத்தாள்வதா, எடுத்துக்கொள்வதா?

பிற பண்பாட்டின் பொருளை மதித்து எடுத்தாள்வதையும் அபகரிப்பதையும் பிரிக்கச் சொன்னால், பலரும் ‘போட்டுக்கொள்பவர் யார்’ என்பதில்தான் போய் நிற்பார்கள். வெள்ளைக்காரப் பெண் சேலை கட்டலாமா என்பது உப்புச்சப்பில்லாத விவாதம். பெயர் என்ன ஆனது, பணம் எங்கே போனது, ‘இப்படிச் செய், அப்படிச் செய்யாதே’ என்று சொல்லும் உரிமை யாரிடம் இருந்தது? இந்த மூன்றையும் பார்த்தால்தான் வித்தியாசம் பிடிபடும்.

கோலாப்பூர் செருப்பு ஒன்றே இரண்டு பக்கமும் நின்றிருக்கிறது. 2025 ஜூனில் மிலான் நகரில் பிராடா நிறுவனம் நடத்திய ஆடை அணிவகுப்பில் ஆண்கள் அந்தச் செருப்பைப் போட்டு நடந்தார்கள். நிறுவனம் அதற்கு வைத்த பெயர் வெறும் ‘தோல் செருப்பு’. கருவேலம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்திய தோலை, ஆணி அடிக்காமல் தோல் நூலாலேயே தைப்பது மகாராஷ்டிரம், கர்நாடக எல்லையோரக் கைவினைஞர்களின் வேலை. 2019-லேயே அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருந்தது.

சட்டத்தின் ஓட்டை இங்கேதான். புவிசார் குறியீடு முதன்மையாகப் பெயரைக் காக்கிறது, வடிவத்தை அல்ல. வேறு ஊரில் செய்த செருப்பைக் ‘கோலாப்பூரி’ என்று விற்றால் வழக்குப் போடலாம். அதே வடிவத்தில் செய்து பெயரைச் சொல்லாமல் விட்டால் அந்தப் பிடி நழுவிவிடும். பெயரை மறைப்பதுதான் இங்கே பெரிய குற்றம், சட்டத்தில் அதுவே பாதுகாப்பு!

கண்டனம் எழுந்ததும் மூலம் இந்தியப் பாரம்பரியக் காலணிதான் என்று பிராடா ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் இரு மாநிலங்களின் தோல்தொழில் கழகங்களோடு ஒப்பந்தம் செய்தது. 2,000 ஜோடிகளை அங்கேயே செய்து, ஜோடி சுமார் 800 யூரோவுக்கு விற்பது திட்டம். பெயர் திரும்பி வந்தது, வேலையும் வந்தது. அந்த 800 யூரோவில் தைத்த கைக்கு எவ்வளவு, அடுத்த மாதிரியை வரைவதில் அந்தக் கைக்குப் பங்கு உண்டா என்ற இரண்டு கேள்விகளுக்கும் நல்ல பதில் வரும்வரை இதை முழு மரியாதை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சாப்பாட்டில் அளவுகோல் கொஞ்சம் மாறும். சமையல் குறிப்புக்குப் பொதுவாகக் காப்புரிமை கிடையாது. ஊர் விட்டு ஊர் போவதே அதன் இயல்பு. மிளகாயே நமக்கு வெளியிலிருந்து வந்ததுதானே. அதனால் சமைப்பது அபகரிப்பு ஆகாது, வேலி போடுவதுதான் ஆகும். 1997-ல் டெக்சாஸின் ரைஸ்டெக் நிறுவனம் பாசுமதி வகைகளுக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கியது அப்படிப்பட்ட வேலி. இந்தியா எதிர்த்தது, 2001-க்குள் அதன் பெரும்பாலான உரிமைக் கோரல்கள் கழிந்துபோயின. இதற்கு எதிர்முனை டயானா கென்னடி. பிரிட்டனில் பிறந்தவர். மெக்சிகோவில் ஊர் ஊராகப் போய்ச் சமையல் கற்று, எந்தப் பக்குவம் எந்த வட்டாரத்தது, யார் சொல்லிக்கொடுத்தது என்று எழுதிவைத்தார்.

இசையில்தான் காயம் ஆழம். தென்னாப்பிரிக்காவின் சாலமன் லிண்டா 1939-ல் தன் குழுவோடு ‘ம்பூபே’ என்ற பாட்டைப் பதிவு செய்தார். ஜூலு மொழியில் ம்பூபே என்றால் சிங்கம். உரிமைக்குக் கிடைத்தது 10 ஷில்லிங். அமெரிக்கப் பாடகர்கள் இசைத்தட்டில் கேட்ட ‘உயிம்பூபே’ அவர்கள் காதில் ‘விமோவே’ என்று விழுந்தது, அப்படியே பாடிவிட்டார்கள். 1961-ல் ஆங்கில வரிகள் சேர்ந்து உலகப் புகழ் பெற்றது. மறு ஆண்டே லிண்டா வறுமையில் இறந்தார். 2004-ல் வாரிசுகள் வழக்குத் தொடுத்தார்கள். ஆசிரியர் இறந்து 25 ஆண்டுகளில் உரிமை வாரிசுகளுக்குத் திரும்பும் என்ற 1911-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டம்தான் பிடிமானம். 2006-ல் சமரசம் ஆனது. காதில் தவறாக விழுந்த அந்தச் சொல்லே நல்ல தடயம்: பாட்டை எடுத்தவர்கள் பாடியவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜான் ஹிக்கின்ஸும் அமெரிக்கர்தான். ஆனால் அவர் புல்லாங்குழல் கலைஞர் டி. விஸ்வநாதனிடம் உட்கார்ந்து கர்நாடக இசைப் பாடம் கேட்டார், சென்னைக்கு வந்து மேலும் கற்றார், பரதநாட்டிய இசை பற்றி ஆய்வேடு எழுதினார். கீர்த்தனையை அதன் மொழியிலேயே, அதன் தாளத்திலேயே பாடினார். தவறினால் திருத்த குரு இருந்தார். திருவையாறு ஆராதனையில் பாடிய அவரை ‘பாகவதர்’ என்று அழைத்தது நம் ரசிகர்கள்தான். அந்தப் பட்டம் அவராகச் சூட்டிக்கொண்டதல்ல.