லாரி பில்லிலிருந்து டிரிப் கணக்கு: மூன்று வருடம் பயன்படுத்திய அனுபவம்

வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் டெஸ்பாட்ச் கணக்கு என் பொறுப்பு. மகாராஷ்டிராவின் விசைத்தறி ஊர்களுக்கு நூல் மூட்டை ஏற்றி அனுப்புகிறோம். டிரான்ஸ்போர்ட் பில்லிலும் எல்.ஆர். என்கிற லாரி ரசீதிலும் இருக்கும் ரேட், நிபந்தனைகளைப் பிரித்து எடுத்து, டிரிப் வாரியாக ஒரு கூகுள் ஷீட்டில் மூன்று வருடமாகப் பதிந்து வருகிறேன். இதே வேலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதல் வருடம் பில் தொகையையும் எடையையும் மட்டும் ஏற்றினேன். கிலோவுக்கு எவ்வளவு வாடகை என்று வந்துவிடும். ஆனால் ஒரு மாதம் 3.30 ரூபாய், அடுத்த மாதம் 3.90 என்று ஏறி இறங்கும்போது காரணம் சொல்ல முடியவில்லை. ரேட் மாறவே இல்லையே என்று முதலாளி கேட்டார். பதில் ஷீட்டில் இல்லை.

அப்புறம்தான் புரிந்தது, ஒரு டிரிப்பின் செலவு எந்த ஒரு தாளிலும் முழுதாக இருப்பதில்லை. மாதக் கணக்கில் பில் போடும் டிரான்ஸ்போர்ட் என்றால் எல்.ஆரில் வாடகைக் கட்டம் பெரும்பாலும் காலியாகத்தான் வரும். அதில் கிடைப்பது வண்டி எண், தேதி, மூட்டை, எடை. டன்னுக்கு எவ்வளவு, குறைந்தபட்ச டன் எவ்வளவு, வண்டி இறக்காமல் காத்துக்கிடந்தால் கொடுக்கும் ஹால்டிங் எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு என்பதெல்லாம் ரேட் லெட்டரில் இருக்கும், சில சமயம் வெறும் வாட்ஸ்அப் செய்தியாக. வண்டி எப்போது போய்ச் சேர்ந்தது, எப்போது இறக்கினார்கள் என்பது நூல் வாங்கும் பார்ட்டி சீல் வைத்துத் திருப்பிக் கொடுக்கும் டெலிவரி காப்பியில். பில்லில் இருப்பது இவற்றையெல்லாம் வைத்து அவர்கள் போட்ட முடிவு மட்டும்தான். அதனால் இப்போது ஒவ்வொரு வரியிலும் பில் சொல்லும் தொகை ஒரு கட்டம், மற்ற மூன்று தாள்களை வைத்து நான் போடும் தொகை பக்கத்துக் கட்டம். இரண்டும் ஒத்தால்தான் பில் பாஸ்.

ஒரு டிரிப்பை முழுதாகச் சொல்கிறேன். ஒரே வண்டியில் 240 மூட்டை, மூட்டைக்கு 60 கிலோ, மொத்தம் 14.4 டன். இச்சல்கரஞ்சிக்கு 150 மூட்டை, விட்டாவுக்கு 90 மூட்டை, இரண்டு எல்.ஆர். டன்னுக்கு 3,200 ரூபாய், குறைந்தபட்சம் 16 டன் என்று பேச்சு. இரண்டாவது இடத்தில் இறக்க 3,000 தனி. ஹால்டிங் முதல் 24 மணி நேரம் இலவசம், ஞாயிறு கணக்கில் வராது, அதன் பிறகு நாளுக்கு 2,000.

வாடகைக் கட்டத்தின் சூத்திரம் எளிது. F ஏற்றிய டன், G குறைந்தபட்ச டன், H ரேட்:

```
=MAX(F2,G2)*H2
```

இதை எல்.ஆர். வாரியாகப் போட்டால்தான் வினை. ஆரம்பத்தில் அப்படிப் போட்டு, ஒரே வண்டிக்கு இரண்டு தடவை 16 டன் வந்து நின்றது. குறைந்தபட்ச எடை வண்டிக்குத்தான், ரசீதுக்கு இல்லை. எனவே வண்டி எண்ணையும் லோடு ஏற்றிய தேதியையும் சேர்த்து ஒரு டிரிப் எண் வைத்தேன். சூத்திரம் அந்த மட்டத்தில் ஓடும். 51,200 ரூபாய் வரும். இதில் 1.6 டன்னுக்கான 5,120 ரூபாய் ஏற்றாத சரக்குக்குக் கொடுத்தது. அதை எடை விகிதத்தில் பிரித்தால் இச்சல்கரஞ்சிக்கு 3,200, விட்டாவுக்கு 1,920.

ஹால்டிங் பில் மூன்று வாரம் கழித்துத் தனியாக வந்தது: மூன்று நாள், 6,000. டெலிவரி காப்பியில் விட்டா பார்ட்டி எழுதியிருந்த நேரம், சனி மாலை 7 மணிக்கு வந்தது, செவ்வாய் காலை 11 மணிக்கு இறக்கியது. மொத்தம் 64 மணி. ஞாயிறு 24, இலவசம் 24 போக மிச்சம் 16 மணி, அதாவது ஒரு நாள், 2,000 ரூபாய். புக்கிங் ஆபீஸில் கேட்டேன். “அண்ணே, டிரைவர் மூணு நாள்னு சொன்னாரு, அப்படியே போட்டுட்டோம்” என்றார் அங்கிருந்த தம்பி. காப்பியைப் போட்டோ எடுத்து அனுப்பினேன், 4,000 ரூபாய்க்குக் கிரெடிட் நோட் வந்தது. அந்தக் காப்பியில் நேரம் எழுதாமல் வெறும் சீல் மட்டும் இருந்திருந்தால் என்னால் ஒன்றும் பேசியிருக்க முடியாது. அதனால் இப்போது எல்.ஆரோடு சிறு துண்டுச் சீட்டு பின் செய்து அனுப்புகிறோம், ‘வந்த நேரம், இறக்கிய நேரம், கையெழுத்து’ என்று மூன்றே கட்டம்.

ஹால்டிங் நாள் சூத்திரத்தில் M வந்த நேரம், N இறக்கிய நேரம், P விடுமுறை நாட்கள், O இலவச மணி:

```
=MAX(0,ROUNDUP(ROUND(N2-M2-P2-O2/24,4),0))
```

உள்ளே அந்த ROUND இல்லாமல்தான் ஒரு வருடம் ஓட்டினேன். மிச்சம் சரியாக 24 மணி வரும் சில வண்டிகளுக்கு ஷீட் இரண்டு நாள் காட்டியது. தேதியும் நேரமும் உள்ளே தசமமாக இருப்பதால், ஒன்றுக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத துளி ஒட்டிக்கொள்ளும், ROUNDUP அதை மேலே தூக்கிவிடும். தவறு டிரான்ஸ்போர்ட்காரர்களுக்குச் சாதகமாக இருந்ததால் அவர்களும் சொல்லவில்லை.

கடைசியில் அந்த டிரிப் 56,200 ரூபாய். ஹால்டிங்கும் இரண்டாவது இடக் கூலியும் விட்டா எல்.ஆர். மீதே ஏறும், ஏனென்றால் அந்தப் பார்ட்டியால் வந்த செலவு. இச்சல்கரஞ்சிக்கு 32,000, கிலோவுக்கு 3.56. விட்டாவுக்கு 24,200, கிலோவுக்கு 4.48. மொத்தமாகப் பார்த்தால் கிலோவுக்கு 3.90 என்றுதான் தெரியும். 92 பைசா வித்தியாசத்தைப் பார்த்த பிறகு, விற்பனைக்காரர்கள் விட்டாவுக்கு நூறு மூட்டைக்குக் கீழே ஆர்டர் எடுத்தால் விலையில் வாடகையைச் சேர்த்தே சொல்கிறார்கள்.

எல்.ஆர். எண்ணில் ஒரு எச்சரிக்கை. ஒரே டிரான்ஸ்போர்ட்டின் இரண்டு கிளைப் புத்தகத்தில் ஒரே எண் வரலாம். கிளைக் குறியையும் சேர்த்தே பதிய வேண்டும், கட்டத்தை டெக்ஸ்ட் வடிவத்தில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்னால் இருக்கும் சைபர் போய்விடும். இது சரியாக இருந்தால்தான், தனியாக வரும் பில்லில் ஏற்கெனவே கொடுத்த எல்.ஆர். மறுபடி வந்தால் ஷீட் சிவப்பு காட்டும். இப்படி இரட்டை பில் எனக்கு நான்கு முறை சிக்கியிருக்கிறது.

ரேட் லெட்டர்களுக்குத் தனித் தாள், ஒவ்வொன்றுக்கும் எந்தத் தேதியிலிருந்து என்ற கட்டத்தோடு. மாத நடுவில் ரேட் ஏறினால் பில் போடுபவர்கள் அந்த மாதம் முழுவதற்கும் புது ரேட்டைப் போட்டுவிடுவதுண்டு. எல்.ஆர். தேதிதான் கணக்கு என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ரிவர்ஸ் சார்ஜில் நாங்கள் கட்டும் 5 சதவீத ஜி.எஸ்.டி.யை எங்களுக்குக் கிரெடிட் எடுக்க வழியிருப்பதால் செலவில் சேர்ப்பதில்லை, தனிக் கட்டம்தான். டி.டி.எஸ். பிடித்தாலும் அப்படியே.

தாளைப் பார்த்துக் கையால் அடிப்பது இன்னும் மாறவில்லை. எங்களுக்கு வருவது பெரும்பாலும் மூன்றாவது கார்பன் காப்பி. 1, 7 இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஸ்கேன் செய்து எழுத்தாக்கிப் பார்த்தேன், திருத்துவதற்கே அடிப்பதைவிட அதிக நேரம் ஆனது. பத்துப் பன்னிரண்டு எல்.ஆர். உள்ள பில்லுக்கு அரை மணி நேரம் ஆகிறது.

இறக்குமிடத்தில் டிரைவர் கையிலிருந்து கொடுக்கும் கூலிக்கு மட்டும் இன்னும் வழி கிடைக்கவில்லை. தாளே இல்லாத செலவு அது. பில்லில் ‘இறக்குக்கூலி 1,800’ என்று ஒரு வரி வரும், ஒப்பிட எதுவும் இருக்காது. இப்போதைக்கு ஊர் வாரியாக மூட்டைக்கு எவ்வளவு விழுகிறது என்று எழுதி வருகிறேன். வழக்கத்தைவிடக் கூடினால் பார்ட்டிக்கே போன் போட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.