“பாப்பம்” என்றவர் நிற்கிறாரா, போகிறாரா? ஒரே கோலுக்கு மூன்று குறிப்புகள்

பெப்ரவரி முதல் கிழமை, பின்னேரம் நாலு மணியிருக்கும். கிளிநொச்சியில் இருக்கிற எங்கள் அலுவலகத்திலிருந்து புதுக்குடியிருப்பில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்காரருக்கு கோல் எடுத்தேன். கடைகளுக்கு பில் போடும் மென்பொருளை மாதக் கட்டணத்துக்குக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. இவர் எங்களோடு இரண்டாவது வருடம். ஒப்பந்தம் மார்ச் 31 முடிகிறது. தொடருவாரா என்று கேட்க வேண்டும், முடிந்தால் ஸ்டொக் பார்க்கும் பகுதியையும் விற்க வேண்டும்.

பதினொரு நிமிடம் கதைத்தோம். எடுத்த உடனேயே, “மாசம் மூவாயிரத்து ஐந்நூறு கூடத்தான் தம்பி” என்றார். பிறகு குரல் ஏறியது: “கரண்ட் போனா பில் அடிக்கேலாது. கொப்பியில எழுதினதைப் பிறகு ஆர் ஏத்துறது? நானோ?” இடையில் ஆணி நிறுத்தார், ஆரோ ஒரு பெடியனை ஏசினார். முடிக்கப் போகும்போது மெல்லிய குரலில், “என்ர சாமான் லிஸ்ட் முழுதையும் எக்செல்லில ஒருக்கா எடுத்துத் தர ஏலுமோ?” என்று கேட்டார். ஓம் என்றேன். கடைசியில், “அருவிவெட்டு முடியட்டும், பாப்பம்.”

இதைப் பதிவில் எப்படி எழுதுவது என்பதற்கு எங்கள் அலுவலகத்திலேயே மூன்று வழக்கம் இருக்கிறது. மூன்றையும் இதே கோலில் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது, கதையாக எழுதுவது. நான் இரண்டு வருடமாக எழுதியது இப்படித்தான்:

“வாடிக்கையாளர் கோபமாக இருந்தார். விலை கூட என்கிறார். ஸ்டொக் பகுதியில் ஆர்வமில்லை. விட்டுவிடுவார் போலத் தெரிகிறது, கழிவு கொடுத்தால் நிற்பார்.”

இரண்டு நிமிடத்தில் எழுதலாம், மேலாளருக்கும் வாசிக்க இலகு. ஆனால் இதில் அவர் சொன்னது ஒரே ஒரு வசனம், விலை. மிச்சமெல்லாம் என்னுடையது. கோபம் என்பதை நான் சத்தத்திலிருந்து எடுத்தேன். அவருக்குப் பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, போன் மேசையில் ஸ்பீக்கரில் கிடந்தது. அதைவிட, எங்கள் பக்கத்தில் அன்பாகக் கூப்பிடுவதும் சண்டைக்குக் கூப்பிடுவதும் றோட்டின் அந்தப் பக்கம் நிற்பவருக்கு ஒன்றாகத்தான் கேட்கும். ஸ்டொக் பகுதியில் ஆர்வமில்லை என்பதும் சரியில்லை. நான் அதைச் சொல்லவே இல்லை, சொல்லச் சந்தர்ப்பம் வரவில்லை. கேட்காத கேள்விக்கு இல்லையென்ற பதிலை நானே எழுதியிருக்கிறேன். இந்தக் குறிப்பை வாசித்த மேலாளர் கழிவுதான் கொடுப்பார். கரண்ட் பிரச்சினை அப்படியே கிடக்கும்.

இரண்டாவது, படிவம். பிரதான மறுப்பு என்ற இடத்தில் பட்டியலிலிருந்து ஒன்றைத் தெரிய வேண்டும்; விட்டுப்போகும் அபாயத்தை உயர்வு, நடுத்தரம், குறைவு என்று தெரிய வேண்டும். எண்ணுவதற்கு இதைவிட்டால் வழியில்லை. இந்த மாதம் எத்தனை பேர் கரண்ட் பற்றிச் சொன்னார்கள் என்று கதைக் குறிப்புகளில் தேடி எடுக்க முடியாது. எங்கள் படிவத்தின் குறை, ஒரு மறுப்புக்குத்தான் இடம் இருக்கிறது, பட்டியலில் முதலாவது விலை. இவர் முதலில் சொன்னதும் விலை. கை தானாக அங்கேதான் போகும். விலை பேசுவது வியாபாரிக்கு வணக்கம் சொல்வது மாதிரி. இவர் அதை ஒருதரம் சொல்லிவிட்டுப் பிறகு தொடவே இல்லை. கரண்டுக்கு மூன்றுதரம் திரும்பி வந்தார். எத்தனைதரம் திரும்பி வந்தார் என்பதை எந்தப் படிவமும் கேட்பதில்லை.

மூன்றாவது வழியில் கொஞ்சம் நேரம் போகும். சொன்னது, பதிவில் உள்ளது, என் ஊகம், கேட்காதது, அடுத்தது என்று பிரித்து எழுதுவது.

“சொன்னது: ‘மாசம் மூவாயிரத்து ஐந்நூறு கூடத்தான்’ (ஒருதரம்). கரண்ட் போனால் பில் அடிக்க முடியாது, கொப்பியில் எழுதியதை ஏற்ற ஆளில்லை (மூன்றுதரம்). சாமான் லிஸ்டை எக்செல்லில் கேட்டார். ‘அருவிவெட்டு முடியட்டும், பாப்பம்.’ குரல் இருமுறை உயர்ந்தது, பக்கத்தில் ஜெனரேட்டர்.

பதிவில் உள்ளது: ஜனவரியில் நாளுக்குச் சராசரி 41 பில், செப்டெம்பரில் 58, போன ஜனவரியில் 43. கட்டணம் பிந்தியதில்லை. டிசம்பரில் கரண்ட் பற்றி ஒரு முறைப்பாடு, ‘தீர்ந்தது’ என்று மூடப்பட்டிருக்கிறது.

ஊகம்: அபாயம் நடுத்தரம். மூடிய முறைப்பாடு திரும்ப வந்திருக்கிறது, லிஸ்டும் கேட்கிறார். விலையை நான் காரணமாக எடுக்கவில்லை.

கேட்காதது: லிஸ்ட் எதற்கு. வெட்டு முடிவது எப்போது. ஸ்டொக் பகுதி பேசப்படவில்லை.

அடுத்தது: வெள்ளிக்கிழமை லிஸ்ட் அனுப்பி, எதற்கு என்று கேட்பது. யூ.பி.எஸ். பார்க்க ஆள் அனுப்புவது.”

பில் எண்ணிக்கையைப் பாருங்கள். செப்டெம்பரோடு ஒப்பிட்டால் மனுசன் மென்பொருளைக் கைவிடுகிறார் என்று தோன்றும். மாரி தொடங்கினால் வன்னியில் வீடு கட்டும் வேலை படுத்துவிடும், சீமெந்தும் கம்பியும் ஓடாது. போன வருடத்து அதே மாதத்தோடு வைத்தால் வித்தியாசம் இரண்டு பில்.

லிஸ்ட் கேட்டதுதான் இந்தக் கோலில் கனமான விஷயம். வேறு மென்பொருளுக்கு மாறுகிறவர் முதலில் கேட்பது தன் தரவைத்தான், அதுவும் பெரும்பாலும் பணிவாகக் கேட்பார். சத்தத்தை வைத்து எழுதிய முதல் குறிப்பில் இது வரவே இல்லை. ஆனால் இதையும் அளவுக்கு மிஞ்சி வாசிக்கக் கூடாது. கணக்காளர் கேட்டிருக்கலாம், பங்காளி கேட்டிருக்கலாம். அதனால்தான் உயர்வு என்று போடாமல் நடுத்தரம் என்று போட்டு, கேட்காததில் முதல் வரியாக எழுதினேன். “பாப்பம்” என்பதும் அப்படி. சிலர் வாயில் அது மரியாதையாகச் சொல்லும் “இல்லை”. ஆனால் விவசாயிகளுக்குக் கடனில் சாமான் கொடுக்கிற கடைக்காரருக்கு, வெட்டு முடிந்தால்தான் காசு கைக்கு வரும். அந்தச் சொல்லுக்கு நான் பொருள் எழுதவில்லை, சொல்லை மட்டும் வைத்தேன்.

இந்த முறைக்கும் குறை உண்டு. எழுத ஏழு நிமிடம் போகிறது. ஒரு நாளில் நாற்பது நினைவூட்டல் கோல் எடுக்கிற பிள்ளையிடம் இதைக் கேட்க முடியாது, அவவுக்குப் படிவம் போதும். கோல் முடிந்து பின்னேரம் எழுதினால், மேற்கோளுக்குள் இருப்பது அவர் வார்த்தையா என் வார்த்தையா என்று எனக்கே தெரியாது. அப்படி எழுதும்போது மேற்கோள் குறியைப் போடுவதில்லை. வீட்டுக் கதை, கடன் கதை என்று வருவதையும் எழுதுவதில்லை. இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தன்னைப் பற்றிய தரவைக் கேட்டுப் பார்க்கும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. சட்டத்தை விடுங்கள், “கோபக்காரர்” என்று எழுதி வைத்த பக்கத்தை அவர் முன்னால் திறக்க என்னால் முடியுமா?

எனக்கு மூன்றாவதுதான், படிவத்திலிருந்து இரண்டு பெட்டியையும் சேர்த்துக்கொண்டு. மறுப்பில் ஒன்றுக்கு மேல் தெரிய இடம் வேண்டும். அபாயத்தைத் தெரிந்தால் காரணம் எழுதாமல் சேமிக்க விடக் கூடாது.

வெள்ளிக்கிழமை லிஸ்டை அனுப்பிவிட்டுக் கேட்டேன். “வங்கியில கடனுக்குக் கேக்கிறாங்கள் தம்பி, கடையில என்ன சாமான் கிடக்கெண்டு காட்ட வேணுமாம்.” யூ.பி.எஸ். பார்க்கப் போனவர் பற்றரி செத்துப்போயிருக்கிறதென்று சொன்னார். டிசம்பரில் ஒருவரும் அதைத் திறந்தே பார்க்கவில்லை. பதிவில் இரண்டையும் சேர்த்து, லிஸ்ட் என்ற காரணத்தை வெட்டினேன். அபாயத்தை மட்டும் குறைவு என்று மாற்றவில்லை. பற்றரி இன்னும் வந்து சேரவில்லை.