66 கிலோமீட்டர் சாலையா, 84 கிலோமீட்டர் சாலையா? பலகைப் படங்களை வைத்து ஓர் அலசல்

ஒரே ஊருக்கு இரண்டு சாலைகள் பிரிகின்றன. பழைய சாலையின் பலகையில் 66 கி.மீ., வேகவரம்பு 80. நெடுஞ்சாலைப் பக்கத்துப் பலகையில் 84 கி.மீ., வேகவரம்பு 100. இந்த இரண்டு படங்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், பழைய சாலைக்கு ஏறத்தாழ 49.5 நிமிடம், நெடுஞ்சாலைக்கு 50.4 நிமிடம். தூரமும் குறைவு, நேரமும் கொஞ்சம் குறைவு என்று பழைய சாலையில் வண்டியைத் திருப்பத் தோன்றும். அப்படித் திருப்புவது தவறு என்பதே என் முடிவு. அதற்கான சான்று வழியில் எடுத்த மற்றப் படங்களில் இருக்கிறது.

பிரிவில் நிற்கும் பலகை மொத்தத் தூரத்தைச் சொல்கிறது. வேகவரம்புப் பலகையோ தான் நிற்கும் இடத்திலிருந்து அடுத்த வேகவரம்புப் பலகை வரைக்கும்தான் பேசுகிறது. ஆகவே வரம்பு எங்கே மாறுகிறது, அந்த இடத்தில் ஊருக்கு இன்னும் எத்தனை கிலோமீட்டர் என்ற இரண்டும் சேர்ந்து கிடைத்தால்தான் கணக்கே தொடங்கும். வரம்புப் பலகைக்கு அருகிலேயே கிலோமீட்டர் கல் இருந்துவிட்டால் நல்லது. இல்லையென்றால் படம் எடுத்த நேரம் உதவும். 48 என்று காட்டிய பலகையைக் கடந்து, 80-இல் சீராக ஓடி, இரண்டு நிமிடம் கழித்து வரம்புப் பலகை வந்திருந்தால், அது சுமார் 2.7 கி.மீ. தள்ளி நிற்கிறது. யாராவது அனுப்பிய படங்கள் என்றால் மூலக்கோப்பையே கேட்டு வாங்குங்கள். செய்தி அனுப்பும் செயலிகள் பல, படத்தோடு பதிவான நேரத்தையும் இடத்தையும் நீக்கிவிடுகின்றன.

இப்போது பழைய சாலையைத் துண்டு துண்டாகப் பார்ப்போம். ஊருக்கு 66 என்பதிலிருந்து 48 வரை வரம்பு 80. அங்கே ஒரு சிற்றூர். 44 வரை 40. பிறகு 24 வரை மீண்டும் 80. அதன்பின் வளைவுகள் நிறைந்த மேட்டுப்பாதை. 14 வரை 50. பிறகு 6 வரை 80. கடைசி 6 கி.மீ. ஊருக்குள், 40. தூரத்தை 60-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் நிமிடம் கிடைக்கும்: 13.5, 6, 15, 12, 6, 9. கூட்டினால் 61.5 நிமிடம்.

நெடுஞ்சாலையில் துண்டுகள் குறைவு. இணைப்புச் சாலை 4 கி.மீ., வரம்பு 60, 4 நிமிடம். அடுத்த 72 கி.மீ. முழுக்க 100, 43.2 நிமிடம். இறங்கி ஊருக்குள் போகும் 8 கி.மீ. மீண்டும் 60, 8 நிமிடம். மொத்தம் 55.2. ஆறு நிமிடத்துக்கு மேல் வித்தியாசம், அதுவும் 18 கி.மீ. கூடுதலாக ஓடிய பிறகு.

வழியில் தென்பட்ட வரம்புகளையெல்லாம் கூட்டிச் சராசரி எடுப்பவர்களும் உண்டு. இங்கே அது இன்னும் மோசமாக ஏமாற்றும். நெடுஞ்சாலையின் 60, 100, 60-க்குச் சராசரி 73. அதன்படி பயணம் கிட்டத்தட்ட 69 நிமிடம். பழைய சாலையின் ஆறு பலகைகளின் சராசரி 62. பயணம் 64 நிமிடம். மறுபடியும் தவறான சாலைதான் முந்துகிறது. 4 கி.மீ.க்கு நிற்கும் பலகையும் 72 கி.மீ.க்கு நிற்கும் பலகையும் அந்தச் சராசரியில் ஒரே எடை பெறுவதுதான் காரணம். ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்று மாற்றி யோசித்தால் இந்தக் குழப்பமே வராது: 100-இல் 0.6, 80-இல் 0.75, 60-இல் 1, 50-இல் 1.2, 40-இல் 1.5. மெதுவான ஒரு கிலோமீட்டர் எவ்வளவு விலை கேட்கிறது என்பது அப்போது கண்ணுக்குத் தெரியும்.

பலகையிலுள்ள தூரம் முழு எண்ணாகச் சுருக்கப்பட்டது என்பதால், வரம்பு மாறும் இடம் அரைக் கிலோமீட்டர் முன்பின் ஆகலாம். பழைய சாலையில் அப்படி ஐந்து இடங்கள். ஐந்தும் நேரத்தைக் குறைக்கும் பக்கமாகவே பிசகினாலும் ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல்தான் மாறும், முடிவு அசையாது.

முடிவை அசைக்கக்கூடியது வேறொன்று: பலகையின் தூரம் ஊரின் எந்தப் புள்ளி வரை? ஊரின் மையம் வரையா, நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் இடம் வரையா? இடத்துக்கு இடம் இது மாறுகிறது. இறங்கும் இடம் வரைதான் என்றால், அதற்கப்பால் 50 வரம்பில் 5 கி.மீ. இருந்தாலே 6 நிமிடம் கூடிவிடும். 55.2 என்பது 61.2 ஆகும், இரண்டு சாலைகளும் சமம். இதைக் கண்டுபிடிக்க இரண்டே படங்கள் போதும். நெடுஞ்சாலையின் கடைசித் தூரப் பலகை 10 என்கிறது. அங்கிருந்து 2 கி.மீ. போய் இறங்கியதும் நிற்கும் பலகை 8 என்கிறது. கணக்கு ஒட்டுகிறது, ஆகவே தூரம் மையம் வரைதான். கடைசிப் பலகை 2 என்று காட்டி, இறங்கிய பிறகு திடீரென 5 என்றொரு பலகை முளைத்தால், அந்த 5-ஐத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

படத்தைப் படிப்பதிலும் கவனம் தேவை. பல நாடுகளில் சிவப்பு வளையத்துக்குள் இருக்கும் எண்தான் சட்டப்படியான வரம்பு. வளைவு எச்சரிக்கையின் கீழே தொங்கும் சிறு பலகையின் எண் பெரும்பாலும் அந்த வளைவுக்கான பரிந்துரை மட்டுமே. அதை அடுத்த பத்துக் கிலோமீட்டருக்கும் நீட்டிவிடக் கூடாது. எண்ணுக்கு அடியில் லாரிப் படம் இருந்தால் காருக்கு அது பொருந்தாது. ஓடும் வண்டியிலிருந்து எடுத்த மங்கலான படத்தில் 60-உம் 80-உம் ஒன்றுபோலத் தெரியும். சந்தேகம் வந்தால் இரண்டு எண்களையும் போட்டுப் பாருங்கள். முடிவு மாறாவிட்டால் அந்தப் படத்தோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. தூரம் கிலோமீட்டரா மைலா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் மைல்தான், ஒரு மைல் 1.609 கி.மீ.

இன்னொரு நியாயமான கேள்வி: வரம்பு என்பது உச்சம்தானே, அந்த வேகத்தில் போக முடியுமா? நெடுஞ்சாலையின் 72 கி.மீ.யில் சராசரி 87-க்குக் கீழே இறங்கினால் பழைய சாலை முந்திவிடும். ஆனால் அது பழைய சாலையில் எல்லா இடத்திலும் வரம்பு வேகம் கிடைத்தால்தான். இருவழிச் சாலையில் ஒரு லாரிக்குப் பின்னால் சிக்கினாலே 80 என்பது 65 ஆகிவிடும். அங்கே 80 வரம்புள்ள 46 கி.மீ.யும் 65-இல் ஓடினால் மொத்தம் 69.5 நிமிடம், அப்போது நெடுஞ்சாலை 75-க்கு இறங்கும் வரை தோற்காது. நெரிசலோ சாலைப் பணியோ இல்லாத நாளில் நான் 84 கி.மீ. சாலையில்தான் போவேன். நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும் நேரமென்றால், பழைய சாலைக்கே என் ஓட்டு.